விருது வாங்குபவரை அறிமுகம் செய்ய இரண்டு வரி வேண்டும்

வணக்கம். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடொன்றை விடுதியாக நடத்துகிறோம். சனிக்கிழமை ஊழியர் விழா. தொகுப்புரை என் தலையில். "கடின உழைப்பாளி, இனியவர்" என்று எழுதினால் விருது வாங்கும் எல்லாருக்கும் அதே வரி பொருந்துகிறது. அதனால் ஆளுக்கு ஒரு வேலையைச் சொல்லி, பெயரைக் கடைசியில் வைக்கிறேன். முதலிலேயே சொன்னால் கைதட்டலில் மற்றது கேட்காது.

தரை துடைக்கும் அக்காவுக்கு எழுதியது: "வளவில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கிறதே, பார்த்தீர்களா? விடியுமுன் தேங்காயெண்ணெய் தொட்ட துணியோடு அங்கே குனிந்திருப்பவர் இவர்தான். வாங்க…" சரியாக இருக்கிறதா?

சிக்கல் கணக்குப்பிள்ளை அண்ணன்தான். மேடை என்றாலே கூச்சம். கணக்கில் ஐந்து ரூபாய் உதைத்தாலும் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதைக் கேலியாகாமல், அவரும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி எப்படிச் சொல்லலாம்?