மிச்சக் காசு பாய்ச்சற்கோட்டுப் படம்: அம்புக்குறி எங்கே திரும்ப வேண்டும்?

வெள்ளவத்தையில் எங்கள் கடைக்கு மிச்சக் காசு கணக்கிடும் நிரல் எழுதப் போகிறேன். பைத்தனைத் தொடமுன் தாளில் போலிக்குறி எழுதினேன்:

```
மிச்சம் = 80
50, 20, 10 ஒவ்வொன்றுக்கும்:
  மிச்சம் >= பெறுமதி, கையிருப்பு > 0 ஆக இருக்கும் வரை:
    ஒன்று கொடு
    மிச்சம் = மிச்சம் - பெறுமதி
    கையிருப்பு = கையிருப்பு - 1
```

10 ரூபாய்க் குத்தி இருந்தால் சரியாக வருகிறது. அது முடிந்த நாளில்தான் சிக்கல். 50 ஒன்றும் 20 ஒன்றும் கொடுத்து, 10 மிச்சத்தோடு நின்றுவிடுகிறது. நாலு 20 கொடுத்தால் போதுமே! கடையில் அம்மா யோசிக்காமலே அப்படித்தான் கொடுப்பா.

இரண்டு நாளாகக் கையால் ஓட்டிப் பார்க்கிறேன். 20இலிருந்து தொடங்கினால் 80 சரிவருகிறது, ஆனால் 70 பிழைக்கிறது. கடைசியில் 'மிச்சம் = 0?' என்று ஒரு சாய்சதுரம் சேர்த்தேன். 'இல்லை' அம்பைத் தொடக்கத்துக்கே திருப்பி, கையிருப்பையும் பழையபடி வைத்தால், அதே 50ஐ மறுபடி எடுத்து முடிவில்லாமல் சுற்றுகிறது.

கொடுத்த 50ஐத் திரும்ப எடுத்து அடுத்த வழியைப் பார்க்க, அந்த 'இல்லை' அம்பு எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும்?