கிளம்பும்போது போட்ட வழி நடுவில் மாறிவிடுகிறது, போனைத் தொடாமல் ஓட்டுவது எப்படி?

ஸ்டெப்னி:
ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து இரண்டு மாதமாகிறது. வாசலிலேயே போகும் இடத்தைப் போட்டு, வழியைத் தேர்ந்தெடுத்து, போனை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். அப்படியும் நடுவழியில் கை போய்விடுகிறது.

போன ஞாயிறு அக்கா வீட்டுக்கு 140 கி.மீ. மேப் இரண்டு வழி காட்டியது. நெடுஞ்சாலையில் 2 மணி 40 நிமிடம், பழைய சாலையில் 2 மணி 50. அம்மா கூட வந்ததால், லாரிக் கூட்டம் இல்லாத பழைய சாலையைத் தொட்டேன். சாம்பல் கோடு நீலமானது, Start அழுத்திக் கிளம்பினேன். 50-வது கி.மீ.யில் சாலை பிரியும் இடத்துக்கு வந்தால் "இடப்பக்கம் திரும்பவும்" என்கிறது! பழைய சாலை நேராகத்தான் போக வேண்டும். திரையைப் பார்த்தால் வழி எப்போதோ நெடுஞ்சாலைக்கு மாறியிருக்கிறது. 60-ல் போய்க்கொண்டே திரையை நோண்டினேன். முன்னால் போன வண்டி பிரேக் போட்டது. ஒரு முழம் இடைவெளியில் நின்றேன்.

தேர்ந்தெடுத்த வழியை அப்படியே பூட்டி வைக்க முடியாதா?

இரவுப்பயணி:
ரொம்ப சுலபம். போகும் பகுதியின் மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிட்டு, கிளம்பியதும் டேட்டாவை அணைத்துவிடுங்கள். போக்குவரத்து நிலவரம் தெரிந்தால்தானே "வேகமான வழி இருக்கிறது" என்று சொல்லும்? நான் மூன்று வருடமாக இப்படித்தான் போகிறேன்.

வைப்பர்:
எனக்கும் இதே பிரச்சினைதான் சார். ஒரு மணி நேரம் ஓட்டினால் திரை மங்கிப்போகிறது, எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரிவதில்லை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் தானே குறைகிறது. போனை மாற்றிவிடலாமா?

நான்காவதுகியர்:
வைப்பர், உங்களுடையது வேறு கதை. கண்ணாடியை ஒட்டி வெயிலில் மாட்டி, சார்ஜும் போட்டால் போன் சூடேறித் திரையைத் தானே மங்கவைக்கும். ஏசி காற்று வரும் துளைக்கு முன்னால் மாட்டிப் பாருங்கள். போனை மாற்ற வேண்டாம்.

இரவுப்பயணி சொன்னதில் பாதி சரி. டேட்டா இல்லாவிட்டால் வேகமான வழியைத் தேடாது, உண்மைதான். ஆனால் முன்னால் சாலையை அடைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. நாம் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால், கையிலிருக்கும் மேப்பை வைத்து அது புதுவழி போடும். அந்தப் புதுவழி பழைய சாலையாகத்தான் இருக்கும் என்று உறுதி கிடையாது.

ஸ்டெப்னி, பூட்டுகிற பொத்தான் எதுவும் நான் பார்த்ததில்லை. நீங்கள் வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மேப்பின் நினைவில் நிற்பது போகும் இடம்தான். நடுவில் ஓர் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். Add stop அதற்குத்தான்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரியும் இடத்துக்கு 1 கி.மீ. தள்ளி வைத்தால், அந்தப் புள்ளியைத் தொட்டுவிட்டு அடுத்த குறுக்குச் சாலையில் உங்களை நெடுஞ்சாலைக்கே கூட்டிப்போகும். பழைய சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குக் குறுக்குச் சாலைகள் எங்கெங்கே இருக்கின்றன?

ஸ்டெப்னி:
58-லும் 75-லும் இருக்கின்றன. 110-ல் இரண்டு சாலையும் மறுபடி சேர்ந்துவிடும்.

நான்காவதுகியர்:
அப்படியானால் 90-வது கி.மீ. பக்கம் வையுங்கள். 75-ஐத் தாண்டிவிட்டால் தப்பிக்க வேறு சாலை இல்லை. பட்டியலில் அது நடுவிலும் அக்கா வீடு கடைசியிலும் இருக்கட்டும்.

Start அழுத்துவதற்கு முன்னால் மொத்த நேரத்தைப் பாருங்கள். பழைய சாலைக்கு முதலில் என்ன காட்டியதோ, கிட்டத்தட்ட அதுவே வர வேண்டும். 2.50-க்குப் பதில் 3.10 என்று வந்தால் புள்ளி தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஸ்டெப்னி:
வீட்டில் உட்கார்ந்தே செய்து பார்த்தேன். 3 மணி 4 நிமிடம் காட்டுகிறது! அது போக Start-ஐயே காணோம், Preview என்றுதான் இருக்கிறது.

நான்காவதுகியர்:
Preview வந்தால், புறப்படும் இடத்தில் ஏதோ ஓர் இடத்தின் பெயர் இருக்கும். அதை Your location என்று மாற்றினால் Start வந்துவிடும்.

கூடுதல் 14 நிமிடத்துக்குக் காரணத்தைப் புள்ளிக்குப் பக்கத்தில் தேடுங்கள். இரு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். அந்த இடத்தில் சாலை இரட்டைக் கோடாக, நடுவில் தடுப்போடு இருக்கிறதா?

ஸ்டெப்னி:
ஆமாம், அந்த இடத்தில் மட்டும் 5 கி.மீ. தூரத்துக்கு அகலப்படுத்தியிருக்கிறார்கள். புள்ளி எதிர்த்திசைக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. நேராகப் போய், யூ டர்ன் அடித்து, புள்ளியைத் தொட்டு, மறுபடி யூ டர்ன் அடிக்கச் சொல்கிறது.

அதை அழித்துவிட்டு, நாம் போகும் பக்கத்துக் கோட்டின் மேல் விரலை அழுத்திப் புதிதாக வைத்தேன். இப்போது 2 மணி 51.

இரவுப்பயணி:
இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறதே. அந்தப் புள்ளி வந்ததும் "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, மேலே போக Continue அழுத்தச் சொல்லும். அப்போதும் கை போகும்தானே?

நான்காவதுகியர்:
நியாயமான கேள்வி. என் போனில் நிற்காமல் ஓட்டினால் தானே அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. மனைவியின் போனில் பொத்தானை அழுத்தும்வரை அசையாது. காரணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதனால் வெறும் சாலையின் மேல் புள்ளி வைப்பதையே விட்டுவிட்டேன். நம் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க் ஒன்றை நடுவிடமாகப் போடுகிறேன். எப்படியும் ஒன்றரை மணி நேரத்தில் காலை நீட்ட ஓரிடம் வேண்டும். அங்கே வண்டியை அணைத்த பிறகு தாராளமாக அழுத்தலாம்.

குறுக்குச்சந்து:
நானும் ஒன்று சொல்கிறேன். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, குரல் கேட்கவில்லை என்று போனை எடுத்தவன் நான். போன் புளூடூத்தில் வண்டியோடு சேர்ந்திருந்தது. வண்டியிலோ ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. குரல் புளூடூத்துக்குப் போய் யாருக்கும் கேட்காமல் கரைந்துகொண்டிருந்தது. அப்புறம் மேப் செட்டிங்ஸில் குரல் போன் ஸ்பீக்கரிலேயே வரும்படி வைத்தேன். முதல் வாக்கியம் காதில் விழாமல் கிளம்புவதில்லை.

ஸ்டெப்னி:
நேற்று மறுபடி போய்வந்தேன். 88-ல் நம் பக்கத்திலேயே ஒரு பங்க் கிடைத்தது, அதையே நடுவிடமாகப் போட்டேன். 2 மணி 52 காட்டியது. பிரியும் இடத்தில் "நேராகச் செல்லவும்" என்றது. பங்கில் வண்டியை அணைத்து, Continue அழுத்தி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போதுதான் குழப்பம். பட்டியலை அப்படியே திருப்பிப் போட்டால், பங்க் இப்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, மறுபடி அதே இரண்டு யூ டர்ன். எனவே இந்தப் பக்கம் வேறு பங்க் தேடினேன், 30 கி.மீ.க்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில் சாலையின் மேலேயே புள்ளி வைத்தேன். என் போனும் உங்கள் மனைவியின் போன் மாதிரிதான், Continue-விலேயே நின்றுவிட்டது. ஓரம் கட்டித்தான் அழுத்தினேன். இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?