கிரவுட்ஃபண்டிங் பக்கத்தில் டெலிவரி மாதத்தை எப்படிப் போடுவது?

கோவையில் செய்யும், கையால் சுற்றும் தேங்காய்த் துருவிக்குப் பக்கம் தயாராகிறது. டெலிவரி மாதத்தில்தான் சிக்கல்.

முதல் 200 பேருக்கு ரூ.1,499, அடுத்த 600 பேருக்கு ரூ.1,799. பிப்ரவரி தொடக்கத்தில் நிதி திரட்டல் முடியும். பணம் வர 2 வாரம், மோல்டு வெட்ட 6 வாரம். கைப்பிடி தடிமனாக இருப்பதால் முதல் சாம்பிளில் குழி விழ வாய்ப்பு அதிகம். திருத்த 3 வாரம் வைத்திருக்கிறோம். அசெம்பிளி வாரத்துக்கு 40தான். ஆக முதல் 200 மே கடைசியில், கடைசித் துருவி செப்டம்பரில்.

எல்லாருக்கும் ‘மே’ என்று எழுதிப் பார்த்தோம், அது பொய். எல்லாருக்கும் ‘அக்டோபர்’ என்றதும், நாங்கள் பக்கத்தைக் காட்டியவர்களில் பலர் ஆர்வம் இழந்தார்கள்.

ரூ.1,799 படியை 150 வீதம் நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மாதம் போடுவதா, ஒரே படியாக வைத்துக் கடைசி மாதத்தை மட்டும் எழுதுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.