1ஆ, 7ஆ: இரண்டாகப் படிக்க இடம்தரும் இலக்கத்துக்கு என்ன பெயர்?

மழைப் பதிவேட்டைத் தட்டச்சு செய்பவர்:
அனைவருக்கும் வணக்கம். மலைத்தோட்டம் ஒன்றின் 1920களின் மழைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி வருகிறேன். எழுத்தர் 1-க்கு மேலே சிறு கொக்கி வைக்கிறார். அவசரத்தில் 7-இன் தலையும் அந்தக் கொக்கி அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஒரு மாதத்தில் ஆறு மழை நாட்கள், அங்குலத்தில்: 0.35, 1.10, 0.42, அடுத்தது 0.18 அல்லது 0.78, பிறகு 2.05, 0.60. இப்படிப்பட்ட இலக்கத்தை ‘ஐயவிலக்கம்’ என்று குறித்து வருகிறேன். பொருத்தமா?

கணக்குத் தணிக்கையாளர்:
இதற்குச் சொல் எதற்கு? பக்கத்தின் அடியில் மாதக் கூட்டுத்தொகை இருக்குமே, அதைப் பாருங்கள்.

தட்டச்சு செய்பவர்:
இருக்கிறது ஐயா. 5.30.

கணக்குத் தணிக்கையாளர்:
0.18 என்றால் 4.70தான் வரும். 0.78 என்றால் சரியாக 5.30. ஆகவே அது 7. குறியே வேண்டாம்.

ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர்:
கூட்டிப் பார்ப்பது நல்ல வழிதான். 1-க்கும் 7-க்கும் வேறுபாடு 6, கூட்டல் 0.60 இடிக்கிறது என்றால் எந்தத் தானத்தில் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் இரண்டாம் மதிப்பைப் பாருங்கள். 1.10 என்பது 1.70 ஆக இருந்து, சந்தேகப்பட்டது 0.18 ஆகவே இருந்தாலும் கூட்டுத்தொகை 5.30தான். பத்தில் ஒன்றாம் தானத்தில் ஒரு 7 உண்டு என்பதைக் கூட்டல் சொல்கிறது. அது எந்த வரியில் என்பதைச் சொல்லவில்லை.

அம்மா, தேதிப் பத்தி அச்சிட்டதா, கையால் எழுதியதா?

தட்டச்சு செய்பவர்:
கையால்தான். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அவரே எழுதியிருக்கிறார்.

ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர்:
அப்படியென்றால் நல்லது. 11-ஆம் வரியில் இரண்டு 1 இருக்கும். 17, 27 வரிகளில் 7 இருக்கும். அவை வரிசையில் வருவதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. அதே மாதம், அதே பேனா. அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழாசிரியர், ஓய்வு:
சொல்லுக்கு வருகிறேன். ஐயம் + இலக்கம், ‘ஐயவிலக்கம்’ ஆவது புணர்ச்சிப்படி சரி. ஆனால் வாசகர் அதை ‘ஐய விலக்கம்’ என்று பிரிப்பார். ஐயத்தை நீக்குதல் என்று நேர்மாறான பொருள் வந்துவிடும். ‘ஈரிலக்கம்’ என்றால் இரண்டு இலக்கம் கொண்ட எண் என்று ஆகும். குற்றம் பத்தில் ‘மயங்க வைத்தல்’ என்று நன்னூல் ஒன்றைச் சொல்கிறது. அதன் வழியில் ‘மயங்கிலக்கம்’ எனலாம். வினைத்தொகை, ஒரே மூச்சில் சொல்ல வருகிறது.

புதுச்சேரி வாசகர்:
எங்கள் குடும்பத்துப் பழைய பிரெஞ்சுப் பதிவில் மாதம் `7bre` என்று இருந்தது. படியெடுத்தவர் ஏழாம் மாதம், ஜூலை என்று போட்டுவிட்டார். அது செப்டம்பர்! இலத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. அந்த ஒலிக்காக எழுதிய 7 அது. `8bre` அக்டோபர், `9bre` நவம்பர். இதைத் திருத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இதுவும் மயங்கிலக்கம்தானே?

ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர்:
இல்லை ஐயா. அங்கே 7 தெளிவாகவே இருக்கிறது; பொருள்தான் தவறாகக் கொள்ளப்பட்டது. ஜூன் 31 என்று அழகாக எழுதியிருப்பதும் அப்படியே: படிப்பதில் சிக்கல் இல்லை, நாள்தான் இல்லாத நாள். மை கரைந்து ஒன்றுமே தெரியாதது இன்னொரு வகை. மூன்றுக்கும் ஒரே குறி வைத்தால், பின்னால் வருகிறவர் மூலத்தை மறுபடி பார்க்க வேண்டுமா, நாள்காட்டியைப் பார்க்க வேண்டுமா என்று தெரியாமல் திண்டாடுவார். மயங்கிலக்கம் என்பது முதல் வகைக்கு மட்டும் இருக்கட்டும்.

குறி வைக்கும்போது இரண்டு வாசிப்பையும் காட்டுங்கள். ஆண்டு 1871ஆ 1877ஆ என்றால், ஐஎஸ்ஓ 8601-2 தரப்படி இப்படி எழுதலாம்:

```
[1871,1877]
```

இரண்டில் ஒன்று என்று பொருள். `1871?` என்று மட்டும் போட்டால் 1877 என்ற வாசிப்பு தொலைந்துவிடும்.

கணக்குத் தணிக்கையாளர்:
1.70-ஐ நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மழையளவை இரண்டாக வைத்துக்கொண்டு மாதச் சராசரி எப்படிப் போடுவது? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர்:
தேர்ந்தெடுங்கள், தனிப் பத்தியில். படித்த இரண்டும் ஒரு பத்தியில், தேர்ந்தது அடுத்ததில், காரணம் மூன்றாவதில்.

தட்டச்சு செய்பவர்:
இப்போதுதான் பார்த்தேன். 17, 27 இரண்டிலும் 7-இன் கால் இடப்பக்கம் வளைகிறது. 11-இல் கால் நேராக நிற்கிறது. சந்தேகப்பட்டதன் கால் வளைந்தது, 1.10-இல் இரண்டு கால்களும் நேர். 0.78 என்று எடுத்துக்கொள்கிறேன். காரணப் பத்தியில் ‘கூட்டுத்தொகை, 17, 27’ என்று எழுதிவிட்டேன். மயங்கிலக்கம் என்பதையே பயன்படுத்துகிறேன் ஐயா, நன்றி. ஜூன் 31 வகைக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை.

தமிழாசிரியர், ஓய்வு:
‘ஒவ்வா மதிப்பு’ என்று தோன்றுகிறது. ஆனால் ஒவ்வாமை என்றதும் மருத்துவம் நினைவுக்கு வருகிறது. இரண்டு நாள் கொடுங்கள்.