[கலைச்சொல்] பாய்வு வலையில் ‘மிச்சம்’ காட்டும் இரண்டாவது படத்துக்குப் பெயர் வேண்டும்

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காகப் பாய்வு வலை பற்றிய பாடம் ஒன்றைத் தமிழில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். மூல வலையை ஒரு தாளில் வரைகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் நீரைச் செலுத்திய பின், இன்னும் எங்கே எவ்வளவு செலுத்தலாம் என்று காட்ட இரண்டாவது தாளில் இன்னொரு படம் வரைகிறோம். ஆங்கிலத்தில் ‘ரெசிடுவல் கிராஃப்’ எனப்படும் அந்த இரண்டாவது படத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘எச்ச வரைபடம்’ என்று எழுதினால் வகுப்பில் சிரிப்புதான் வரும். மின்கம்பத்துக் காக்கைதான் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது. ‘மிச்ச வலை’ போதுமா?

எடுத்துக்காட்டுக்கு வைத்திருக்கும் வலை இது. க, ச, த, ப என்பவை நடுவில் உள்ள சந்திப்புகள். எண், அந்தக் குழாய் கொள்ளும் அளவு, விநாடிக்கு லிட்டரில். தொட்டியிலிருந்து ஊருக்கு அதிகபட்சம் எவ்வளவு செலுத்தலாம் என்பதே கேள்வி.

```
தொட்டி → க   7
தொட்டி → ச   5
க → த        6
க → ப        4
ச → த        5
த → ஊர்      6
ப → ஊர்      5
```

முருகேசன் எழுதியது:

‘மிச்ச வலை’ நன்றாகவே இருக்கிறது, அம்மா. ஏழு கொள்ளும் குழாயில் ஆறு போனால் மிச்சம் ஒன்று. இதற்கு மேல் என்ன பெயர் வேண்டும்?

இரண்டாவது படமே தேவையா என்றும் கேட்கிறேன். வழிகளைச் சரியான வரிசையில் எடுத்தால் போதும். தொட்டி–க–ப–ஊர் வழியில் 4, தொட்டி–க–த–ஊர் வழியில் 3, தொட்டி–ச–த–ஊர் வழியில் 3. மொத்தம் 10. பின்னோக்கிய அம்பு ஒன்றுகூட இல்லாமல் விடை வந்துவிட்டது.

நிர்மலா எழுதியது:

முருகேசன் ஐயா சொல்வதில் பாதி சரி. எந்த வலையிலும் பின்னோக்கிய அம்பே தேவைப்படாத ஒரு நல்ல வரிசை உண்டு. உச்சப் பாய்வு கையில் இருந்தால் அதைத் தனித்தனி வழிகளாகப் பிரித்து, அந்த வரிசையிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் விடை தெரிந்த பிறகுதான் அந்த வரிசையும் தெரியவரும். ஏழு குழாய் என்பதால் கண்ணாலேயே பிடித்துவிட்டீர்கள். எழுபது குழாய் இருந்தால் பிடிக்க முடியாது.

மாணவர் பெரும்பாலும் எப்படித் தொடங்குவார் என்று பாருங்கள். அதிகம் கொள்ளும் வழியை முதலில் எடுப்பார். தொட்டி–க–த–ஊர் வழியில் 6 அனுப்புவார். அடுத்து தொட்டி–க–ப–ஊர் வழியில் 1. அதோடு தொட்டி → க குழாயின் 7 தீர்ந்தது. மொத்தம் 7. ச பக்கம் 5 காலியாக இருக்கிறது, ஆனால் ச-வில் இருந்து த-வுக்கு வந்தால் மேலே போக இடமில்லை. மிச்சத்தை மட்டும் எழுதியவர் இங்கே பேனாவை மூடிவிடுவார். விடைத்தாள்களில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

இந்தக் கட்டத்தில் இரண்டாவது தாள் இப்படி இருக்க வேண்டும். இடப்பக்கம் முன்னோக்கி இன்னும் செலுத்தக்கூடியது, வலப்பக்கம் செலுத்தியதில் திரும்பப் பெறக்கூடியது.

```
தொட்டி → க   0    க → தொட்டி   7
தொட்டி → ச   5    ச → தொட்டி   0
க → த        0    த → க        6
க → ப        3    ப → க        1
ச → த        5    த → ச        0
த → ஊர்      0    ஊர் → த      6
ப → ஊர்      4    ஊர் → ப      1
```

0 என்று இருக்கும் அம்புகளை வரையவே கூடாது. வரைந்து பக்கத்தில் 0 எழுதி வைத்தால், வழி தேடும்போது கண் அதன் மேல் ஏறிப் போய்விடும்.

மீதி அம்புகளைப் பிடித்துத் தொட்டியிலிருந்து நடந்தால் தொட்டி–ச–த–க–ப–ஊர் என்று ஒரு வழி கிடைக்கிறது. அதில் உள்ள எண்கள் 5, 5, 6, 3, 4. சிறியது 3. ஆக மொத்தம் 10. நடுவில் த → க என்று போனோமே, அது பின்னோக்கிய அம்பு. மூலத் தாளில் அதன் பொருள், க → த பாய்வை 6-இலிருந்து 3-ஆகக் குறை என்பதுதான்.

ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்களைக் கூட்டினால் அந்தக் குழாயின் மூல அளவு வர வேண்டும். வராவிட்டால் ஒரு பக்கம் குறைத்துவிட்டு மறுபக்கம் கூட்ட மறந்திருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பிழை இதில் அகப்பட்டுவிடும்.

இப்போது பெயருக்கு வருகிறேன். வலப்பக்கத்து எண்கள் மிச்சம் அல்ல. அவை ஏற்கெனவே அனுப்பியவை. ‘மிச்ச வலை’ என்றால் மாணவர் இடப்பக்கத்தை மட்டும்தான் வரைவார். பெயரே பிழைக்கு வழி காட்டக் கூடாது.

அன்வர் எழுதியது:

குடிநீர் வழங்கல் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம். விநியோகக் குழாயில் நீர் பின்னோக்கிப் போவது மிக ஆபத்தான விஷயம். அழுத்தம் குறைந்த நேரத்தில் கசிவு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். நீர் பின்னோக்கிப் போவதைத் தடுக்கவே நான்-ரிட்டர்ன் வால்வு வைக்கிறோம். த-வில் இருந்து க-வுக்கு 3 லிட்டர் திருப்புவதாக எழுதினால் களத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நிர்மலா எழுதியது:

அன்வர், ஒரு சொட்டும் பின்னோக்கிப் போகவில்லை. கடைசிக் கணக்கைப் பாருங்கள். க-வுக்கு 7 வருகிறது. 4 ப-வுக்கும் 3 த-வுக்கும் பிரிகிறது. த-வுக்கு க-விடமிருந்து 3, ச-விடமிருந்து 3, ஆக 6 ஊருக்குப் போகிறது. க → த குழாயில் நீர் எப்போதும் போல முன்னோக்கியே ஓடுகிறது, 6-க்குப் பதில் 3. நீங்கள் வால்வைப் பாதி மூடுவீர்களே, அதுதான் அந்தப் பின்னோக்கிய அம்பு.

அன்வர் எழுதியது:

அப்படியானால் சரி. ஆனால் பாடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், செல்வி. குழாயில் நீர் நாம் எழுதிய எண்ணுக்குக் கட்டுப்படாது. க-வில் இருந்து எந்தக் கிளைக்கு எவ்வளவு போகும் என்பதை இரு முனை அழுத்த வேறுபாடும், குழாயின் விட்டமும் நீளமும் உட்சுவரின் உராய்வும் தீர்மானிக்கின்றன. வால்வைத் திருகாமல் விட்டால் 4, 3 என்று பிரியவே பிரியாது. அதற்கு ஹேசன்–வில்லியம்ஸ் கணக்குப் போட வேண்டும். இந்த 10 என்பது, இந்தக் குழாய்களை வைத்துக்கொண்டு அதற்கு மேல் எதிர்பார்க்காதே என்று சொல்லும் உச்சவரம்பு. அந்த அளவில் எங்களுக்கு அது பயன்படும்.

எனக்கு ஒரு கேள்வி. தொட்டி → க குழாய் 7-க்கு 7 நிரம்பி ஓடுகிறது. அதை மாற்றிப் பெரிய குழாய் போட்டால் கூடுதலாக வருமா?

நிர்மலா எழுதியது:

வராது. இரண்டாவது படத்தின் உண்மையான பயனே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

10 வந்த பிறகு கடைசிப் படத்தில் தொட்டியிலிருந்து எங்கெல்லாம் போக முடிகிறது என்று குறியுங்கள். தொட்டி → ச இல் 2 இருக்கிறது, ச → த இல் 2, த → க இல் 3. ஆக தொட்டி, ச, த, க நான்கையும் தொட்டுவிடலாம். அதற்கு மேல் போக முடியாது. தொட்ட பக்கத்திலிருந்து தொடாத பக்கத்துக்குப் போகும் குழாய்கள் இரண்டு: க → ப 4, த → ஊர் 6. இப்படி இரு பக்கத்தையும் பிரிக்கும் குழாய்களைத்தான் வெட்டு என்கிறோம். கூட்டினால் 10. பாய்வும் 10, வெட்டும் 10. இனி ஒரு லிட்டரும் கூடாது என்பதற்குச் சான்று இதுவே.

தொட்டி → க குழாய் நிரம்பியிருந்தாலும் அந்த வெட்டில் இல்லை. அதை 20 ஆக்கினாலும் விடை 10தான். க → ப குழாயை 4-இலிருந்து 5 ஆக்குங்கள், விடை 11 ஆகும். ஆனால் 6 ஆக்கினால் பயனில்லை, ப → ஊர் 5தான் கொள்ளும். நிரம்பிய குழாய் எல்லாம் நெருக்கடிக் குழாய் அல்ல.

இந்தத் துறை தொடங்கியதே வெட்டைத் தேடித்தான் என்றும் சொல்லலாம். 1955இல் ஹாரிஸ், ராஸ் இருவரும் அமெரிக்க விமானப்படைக்காக எழுதிய ரகசிய அறிக்கையில் சோவியத் ரயில் பாதைகளை 44 முனை, 105 இணைப்பு கொண்ட வலையாக வரைந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவுக்கு 1,63,000 டன் போகலாம் என்று கணக்கு வந்தது. அவர்களுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது, எந்தப் பாதைகளைத் துண்டித்தால் போதும் என்பது. ஃபோர்டும் ஃபுல்கர்சனும் உச்சப் பாய்வு பற்றி அடுத்த ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள்.

முருகேசன் எழுதியது:

பின்னோக்கிய அம்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் ‘எஞ்சு வலை’ என்று வைப்போம். ‘எஞ்சு கொள்ளளவு’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதோடு ஒட்டும். எச்சம் என்ற சொல்லின் வாடையும் இல்லை.

நிர்மலா எழுதியது:

எஞ்சுவதும் மிச்சம்தானே, ஐயா. நான் முன்வைப்பது ‘திருத்த வலை’. இப்போதைய பாய்வை எந்தப் பக்கம் எவ்வளவு திருத்தலாம் என்று ஒவ்வொரு அம்பும் சொல்கிறது. கூட்டுவதும் திருத்தம், குறைப்பதும் திருத்தம். பின்னோக்கிய அம்புக்கு ‘மீட்பு அம்பு’.

முருகேசன் எழுதியது:

‘திருத்த வலை’ என்றால் வலையையே திருத்துவதாகப் படும். குழாய் மாற்றுவதைப் பற்றி இப்போதுதான் பேசினோம், இரண்டும் குழம்பும். ‘மீட்பு அம்பு’ மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதில் சண்டையில்லை. ‘வரைபடம்’ வேண்டாம் என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன். அது நிலப்படத்துக்கும் சார்புகளின் படத்துக்கும் போய்விட்டது.

தர்ஷினி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கிராஃபை நாங்கள் ‘கோட்டுரு’ என்று எழுதிப் பழகிவிட்டோம், அதனால் எனக்கு ‘எஞ்சு கோட்டுரு’ சரியாகப் படுகிறது. என் கேள்வி வேறு. எங்கள் பயிற்சித்தாளில் வீதி வலை. ஒரு வீதியில் இரு திசையிலும் நிமிடத்துக்கு 20 வாகனம் போகலாம். ஒரு பக்கம் 8 அனுப்பிய பிறகு எதிர்த்திசையில் 28 என்று விடையில் போட்டிருக்கிறார்கள். வீதி கொள்வதே 20. அச்சுப்பிழையா?

நிர்மலா எழுதியது:

அச்சுப்பிழை இல்லை, தர்ஷினி. இருவழி வீதியை இரண்டு தனி அம்புகளாக எண்ணுங்கள், திசைக்கு 20. ஒரு பக்கம் 8 போனதும் அந்தப் பக்கம் 12 இருக்கிறது. எதிர்ப்பக்கம் அதன் சொந்த 20 அப்படியே இருக்கிறது, அனுப்பிய 8-ஐ மீட்கவும் செய்யலாம். 20-உம் 8-உம் சேர்ந்து 28. முதல் 8 வாகனம் வரை யாரையும் எதிர்த்திசையில் ஓட்டவில்லை, போனவர்களைப் போகவிடாமல் செய்கிறோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் உண்மையான எதிர்ப்போக்குவரத்து 20 வரும். இரண்டு எண்களின் கூட்டலும் 12, 28 என்று 40-க்குச் சரியாக வருகிறது பாருங்கள்.

முருகேசன் ஐயா, 20 கொள்ளும் வீதியில் 28 எஞ்சுகிறது என்று எப்படி எழுதுவது?

முருகேசன் எழுதியது:

20 கொள்ளும் வீதியில் 28 திருத்தலாம் என்றால் மட்டும் புரிந்துவிடுமா? செல்வி, பாடத்தில் இப்போதைக்கு ‘எஞ்சு வலை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் மீட்பு அம்புகளும் இதில் அடங்கும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

செல்வி எழுதியது:

‘மீட்பு அம்பு’ உறுதி, எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தாள் முறையும், வரிக்கு வரி கூட்டிப் பார்க்கும் சோதனையும், அன்வர் சொன்ன அழுத்தம் பற்றிய வரியும் சேர்கின்றன. படத்தின் பெயரை ஒரு பிரிவுக்கு ‘எஞ்சு வலை’ என்றும் இன்னொரு பிரிவுக்குத் ‘திருத்த வலை’ என்றும் கொடுத்து, எந்தப் பிரிவு 7-இல் நின்றுவிடுகிறது என்று பார்க்கப் போகிறேன். தர்ஷினி, முடிந்தால் அந்த வீதி வலையை முழுதாக அனுப்புங்கள், மூன்றாவது பயிற்சியாக வைக்கலாம்.