ஞாயிறு வாங்கும் கீரை புதன்கிழமைக்குள் வீணாகிறது, உதவுங்கள்

சுமதி: வாரம் ஒருமுறைதான் சந்தைக்குப் போக முடிகிறது. பாலக், சிறுகீரை, அரைக்கீரை வாங்கி பிரிட்ஜில் வைக்கிறேன். புதன்கிழமை எடுத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்றைக்கும் வாங்கியாயிற்று, சீக்கிரம் சொல்லுங்கள்.

ராகவன்: வீண் என்றால் எப்படி? வாடித் துவள்கிறதா, அழுகிக் கொழகொழக்கிறதா? கழுவி வைக்கிறீர்களா? எதில் வைக்கிறீர்கள்?

பழைய உறுப்பினர்: அடிக்கடி வரும் கேள்வி. முந்தைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ஈரத்துணியில் சுற்றுங்கள், அவ்வளவுதான்.

செல்வி: எனக்கு முருங்கைக்கீரையில் பிரச்சினை. இரவு வைத்தால் காலையில் இலையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. என்ன செய்ய?

சுமதி: கழுவி, பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைப்பேன். சிறுகீரைக் கட்டு வெளியே நன்றாகத்தான் இருக்கும், நடுவில் கறுத்து வழுவழுப்பாகிவிடும்.

மரகதம்: அப்படியென்றால் ஈரத்துணி வேண்டவே வேண்டாம் அம்மா. நாங்கள் கீரைக்கடை வைத்திருந்தவர்கள். வாடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்போம், அது கட்டின் நடுவில் தங்கிவிடும். நீங்கள் மறுபடி கழுவி, காற்றுப் போகாமல் முடிச்சும் போட்டால் அழுகத்தான் செய்யும்.

வந்தவுடன் கட்டை அவிழ்த்து, நசுங்கின இலைகளைப் பொறுக்கி எறியுங்கள். மண் வேரை வெட்டிவிட்டு, கழுவாமல் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் விடுங்கள். மேல் ஈரம் போனதும் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் வாடும். உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைத்து மூடுங்கள், அமுக்காதீர்கள். அடுத்த நாள் துணி நனைந்திருந்தால் மாற்றுங்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். பாலக்கை முதலில் சமைத்துவிடுங்கள், அதன் இலை மென்மை.

கார்த்திக்: பக்கத்தில் ஆப்பிள், தக்காளி இருக்கிறதா? அவற்றிலிருந்து வரும் எத்திலீன் என்ற வாயுதான் காரணம்.

மரகதம்: அதனால் இலை மஞ்சளாகும் தம்பி, தள்ளி வைப்பது நல்லதுதான். இவருக்கு வழுவழுப்பல்லவா?

பழைய உறுப்பினர்: துணி எதற்கு? செய்தித்தாளில் சுற்றினால் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான்.

ராகவன்: அச்சு மை ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது.

பழைய உறுப்பினர்: அது சூடான பஜ்ஜிக்கு. கீரையைக் கழுவித்தானே சமைக்கிறோம்?

ராகவன்: ஈரமான இலையிலும் மை இறங்கும். வெள்ளைத் தாளுக்கு என்ன குறை?

பழைய உறுப்பினர்: செலவுதான் குறை.

சுமதி: புதன்கிழமை பார்த்தேன். சிறுகீரை நடுவிலும் பச்சையாகவே இருந்தது. அரைக்கீரை கொஞ்சம் துவண்டிருக்கிறது, அதையும் எறிய வேண்டுமா?

மரகதம்: வேண்டாம். வாடினது வேறு, அழுகினது வேறு. குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் நிமிரும். உடனே சமைத்துவிடுங்கள், திரும்ப உள்ளே வைக்காதீர்கள். நாற்றமோ வழுவழுப்போ இருந்தால் மட்டும் எறியுங்கள்.

சுமதி: நிமிர்ந்துவிட்டது. நன்றி அக்கா.

செல்வி: முருங்கைக்கீரைக்கு யாராவது சொல்லுங்களேன்?