ஆடித் தள்ளுபடிப் பதிவுகளுக்கு ஒப்புதல் வாங்கும் முறை: யோசனை வேண்டும்

வணக்கம். தி.நகரில் ஒரு துணிக்கடையின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பதிவையும் கொள்முதல் பிரிவு, மார்க்கெட்டிங் மேலாளர், முதலாளி மூவரும் பார்க்க வேண்டும். மூவரும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் திருத்தம் சொல்கிறார்கள். டிசைன் முடிந்த பிறகு விலை மாறுகிறது. பட்டுப்புடவைப் படத்தை மறுபடி முதலிலிருந்து செய்கிறோம்.

இப்போது கூகுள் ஷீட்டில், வெளியிடும் நாளிலிருந்து பின்னோக்கித் தேதி போட்டிருக்கிறேன். 7 நாள் முன்பு வாசகம், 5 நாள் முன்பு விலைக்கு ஒப்புதல், அதன் பிறகே டிசைன், முந்தைய நாள் முதலாளி பார்வை. ஒப்புதலான வரிசையை யாரும் மாற்றாதபடி பூட்டிவிடுகிறேன். விலைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

தீராதது முதலாளியின் தாமதம்தான். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பண்டிகை வாழ்த்துக்குச் சரி, தள்ளுபடி சதவீதம் உள்ள பதிவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அவருக்குப் பதிலாக ஒப்புதல் தர ஒருவரை நியமித்தவர்கள் இருக்கிறீர்களா? எதுவரை அந்த நபர் முடிவெடுக்கலாம் என்று எப்படி எழுதி வைத்தீர்கள்?